காற்று வாங்கிய வெப்பம் தண்ணீர் இழந்ததைவிட எப்படி அதிகமாகும்?

கேள்வி: ஆய்வகக் கூலிங் டவரில் சோதனை செய்தேன். தண்ணீர் விநாடிக்கு 40 கிராம், 29.8 டிகிரியில் நுழைந்து 23.4-இல் வெளியேறியது. உள்ளே போகும் காற்று உலர்குமிழ் 26.0, ஈரக்குமிழ் 19.0. வெளியே வரும் காற்று 25.0, 24.7. காற்றோட்டம் விநாடிக்கு 0.060 கிலோ. அரை மணி நேரத்தில் மேக்கப் தண்ணீர் 0.84 கிலோ போனது. கணக்குப் போட்டால் தண்ணீர் இழந்தது 1.07 கிலோவாட், காற்று பெற்றது 1.27 கிலோவாட். 19% பிழை ஏன் என்று ஆசிரியர் கேட்கிறார். "மனிதப் பிழை" என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. உங்கள் அளவீடுகளிலேயே பதில் பாதிக்கு மேல் இருக்கிறது.

முதலில் ஒரு விடுபட்ட கணக்கு. தண்ணீர் இழந்த வெப்பத்தை ஓட்டம், தன்வெப்பம், ரேஞ்ச் மூன்றையும் பெருக்கி எடுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்யும்போது, உள்ளே போன தண்ணீர் முழுவதும் திரவமாகவே வெளியே வந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. போகும்போது, தான் திரவமாக இருந்தபோது வைத்திருந்த என்தால்பியையும் எடுத்துக்கொண்டுதான் போனது. காற்றின் என்தால்பியில் அது சேர்ந்துவிட்டது. உங்கள் தண்ணீர்ப் பக்கக் கணக்கில் சேரவில்லை. உங்கள் ஈரப்பத எண்களின்படி ஆவியானது விநாடிக்கு சுமார் அரை கிராம். 23.4 டிகிரித் தண்ணீரின் என்தால்பி கிலோவுக்கு 98 கிலோஜூல். பெருக்கினால் 0.05 கிலோவாட். ஆக, ஒப்பிட வேண்டியது 1.12-ஐயும் 1.27-ஐயும். இடைவெளி 0.20-இலிருந்து 0.15 ஆகிவிட்டது.

இந்த 0.15 பெரியதா, சிறியதா? இதைச் சதவீதத்தில் சொல்லிப் பயனில்லை. உங்கள் கருவிகளால் எவ்வளவு நம்பகமாக அளக்க முடியும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

தண்ணீர்ப் பக்கம் எளிது. வெப்பமானி ஒவ்வொன்றும் ±0.2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது நிச்சயமின்மைகளை அப்படியே கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ரேஞ்ச் 6.4 ± 0.3 டிகிரி. ரோட்டாமீட்டர் ±2 கிராம் என்றால் ஓட்டத்தில் 5%. இரண்டும் சேர்ந்து தண்ணீர்ப் பக்கத்தில் ±0.07 கிலோவாட் வரும்.

காற்றுப் பக்கம் வேறு கதை. காற்றின் என்தால்பியை ஏறக்குறைய முழுவதுமாக நிர்ணயிப்பது ஈரக்குமிழ் வெப்பநிலைதான். உங்கள் வெளியேற்ற நிலையில் ஈரக்குமிழ் ஒரு டிகிரி மாறினால் என்தால்பி கிலோவுக்கு 4.1 கிலோஜூல் மாறும். உள்நுழைவில் சுமார் 3.2. உங்கள் காற்றோட்டத்தோடு பெருக்கிப் பாருங்கள்: வெளியேற்றத்தில் ஒரே ஒரு டிகிரி தவறு கால் கிலோவாட் ஆகிறது! ஆய்வக டவரில் திரி கட்டிய வெப்பமானியை ±0.5 டிகிரிக்கு மேல் நம்ப நான் தயங்குவேன். இரண்டு முனைகளிலும் அதை வைத்தால், காற்றோட்ட அளவில் 3% சேர்த்த பிறகு, காற்றுப் பக்கம் 1.27 ± 0.16 கிலோவாட்.

இரண்டு பக்கமும் சேர்த்து இடைவெளியின் நிச்சயமின்மை சுமார் 0.18. உங்கள் இடைவெளி 0.15. சரி, வெப்பச் சமநிலை அளவீட்டு எல்லைக்குள் பொருந்துகிறது. சோதனை தோற்கவில்லை.

ஆனால் இதோடு விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் மேக்கப் தண்ணீரை அளந்திருக்கிறீர்கள். அதைப் பலர் செய்வதில்லை. உங்கள் ஈரக்குமிழ் எண்களை வைத்துக் கணக்கிட்டால் அரை மணியில் 0.94 கிலோ ஆவியாகியிருக்க வேண்டும். தொட்டியிலிருந்து போனதோ 0.84 தான். காற்றோடு துளிகளாகத் தெறித்துப் போவதும் மேக்கப்பிலிருந்துதான் ஈடாகிறது என்பதால், உண்மையில் ஆவியானது 0.84-ஐவிடக் குறைவாக இருக்கலாமே தவிர கூடுதலாக இருக்க முடியாது. அடித்தொட்டியின் நீர்மட்டம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கோட்டில் இருந்திருந்தால் இது சரி. மட்டம் 2 மில்லிமீட்டர் மாறியிருந்தாலே சிறிய தொட்டியில்கூடச் சில பத்து கிராம் பிசகும். ஈரக்குமிழ்க் கணக்குக்கும் ±0.1 கிலோ நிச்சயமின்மை உண்டு. ஆகவே இது தீர்ப்பு அல்ல, துப்பு. துப்பு காட்டும் திசை: காற்றுப் பக்கக் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

அப்படியானால் சந்தேகம் எங்கே? திரி சரியாக நனையாவிட்டாலோ, அதன்மேல் காற்று போதிய வேகத்தில் ஓடாவிட்டாலோ, ஈரக்குமிழ் எப்போதும் மேல்நோக்கித்தான் பிசகும். உலர்குமிழை நோக்கி நகரும். உள்நுழைவில் அது நடந்தால் காற்று பெற்ற வெப்பம் குறைவாகத் தெரியும், அது உங்கள் பிரச்சினைக்கு எதிர்த்திசை. மிஞ்சுவது வெளியேற்றத் திரியும் காற்றோட்ட அளவும். உங்கள் 25.0, 24.7 என்ற ஜோடியைப் பாருங்கள். பார்த்தவுடன் "காற்று கிட்டத்தட்ட நிறைவுற்றுவிட்டது" என்று தோன்றும். ஆனால் பாதி காய்ந்த திரியும் இதே எண்ணைத்தான் காட்டும். உண்மை அளவு 24.0 ஆக இருந்தால் காற்றுப் பக்கம் 1.10-க்கு இறங்கிவிடும், ஆவியான நீரும் 0.82 கிலோ ஆகும். இரண்டு முரண்பாடும் ஒரே மாற்றத்தில் தீர்வதால்தான் நான் திரியை முதலில் சந்தேகிக்கிறேன்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். டவர் நிலைத்து ஓடும்போது வெளியேற்றத் திரியைத் தொட்டுப் பாருங்கள். நுனி விறைப்பாகவோ வெள்ளைப் படிவோடோ இருந்தால் குழாய்த் தண்ணீரின் உப்பு ஏறியிருக்கிறது. புதிய திரி போட்டு, காய்ச்சி வடித்த நீரால் நனைத்து, அளவு நிலைக்கும் வரை காத்திருங்கள். 24.7 இறங்கினால் கதை முடிந்தது. இறங்காவிட்டால் காற்றோட்டக் கணக்குக்குப் போங்கள். துளைத்தட்டு சமன்பாட்டில் அந்தத் தட்டு இருக்கும் இடத்துக் காற்றின் தன்கனஅளவைப் போட்டீர்களா என்று பாருங்கள். அப்புறம், திரிகளைக் கழற்றி ஆறு வெப்பமானிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசங்களைத் திருத்தமாகச் சேர்த்தால் ரேஞ்சின் ±0.3 கணிசமாகக் குறையும்.

அப்ரோச்சையும் விட்டுவிடாதீர்கள். உங்களுடையது 23.4-இலிருந்து 19.0 போக 4.4 டிகிரி. இதில் ஒரு பாதி ஈரக்குமிழ் என்பதால் நிச்சயமின்மை ±0.5, அதாவது 12%. ரேஞ்சுக்கு இது 5% கூட இல்லை. உள்நுழைவுத் திரி காய்ந்தால் அப்ரோச் சுருங்கி, டவர் உண்மையைவிடத் திறமையாக வேலை செய்வது போலக் காட்டும். அப்ரோச் மைனஸில் வந்த ஓர் அறிக்கையை நான் திருத்தியிருக்கிறேன். டவரால் தண்ணீரை உள்நுழைவு ஈரக்குமிழுக்குக் கீழே குளிர்விக்க முடியாது, ஆகவே அங்கே திரியைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

விவாதப் பகுதியில் இப்படி எழுதலாம்: "ஆவியான நீரின் என்தால்பியைச் சேர்த்த பின் தண்ணீர்ப் பக்கம் 1.12 ± 0.07, காற்றுப் பக்கம் 1.27 ± 0.16 கிலோவாட். வேறுபாடு 0.15 ± 0.18, அளவீட்டு எல்லைக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன. நிச்சயமின்மையின் பெரும்பங்கு ஈரக்குமிழ் அளவீட்டிலிருந்து வருகிறது. மேக்கப் அளவு, வெளியேற்ற ஈரக்குமிழ் சற்று உயர்வாகப் படிக்கப்பட்டதைச் சுட்டுகிறது." திரியை மாற்றிப் பார்த்த முடிவு கைக்கு வந்ததும், அந்த எண்ணை அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.