அப்பாவின் பில்லில் தொலைந்துபோன ஒரு கழித்தல் குறி

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் அப்பாவின் கைப்பேசித் திட்டத்தை மே 12ஆம் தேதி மாற்றினோம். பழைய திட்டத்தில் 6 ஜிபி டேட்டா. அது தீரப்போகிறது என்று குறுஞ்செய்தி வந்ததால், 60 ஜிபி தரும் 32.70 வெள்ளித் திட்டத்துக்குப் போனோம். இப்போது 66.26 வெள்ளிக்கு பில் வந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வரிகளைக் கூட்டினால் அந்தத் தொகையும் வரவில்லை. 60 ஜிபி இருக்கும்போது கூடுதல் டேட்டா என்று 20 வெள்ளி எப்படி? அப்பா ஊரை விட்டே போகவில்லை, ரோமிங் எங்கிருந்து வந்தது? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: முதலில் கூட்டல் கணக்கை முடித்துவிடுவோம். உங்கள் படத்தில் தெரியும் வரிகள் ஆறு: 6.00, 10.00, 30.00, 20.00, ரோமிங் 7.40, ஜிஎஸ்டி 4.86. எல்லாவற்றையும் கூட்டினால் 78.26 வருகிறது. பில் கேட்பதோ 66.26. வித்தியாசம் சரியாக 12 வெள்ளி, அதாவது 6.00இன் இரண்டு மடங்கு. கழிக்க வேண்டிய ஒரு தொகையைக் கூட்டிவிட்டால் இப்படித்தான் இரட்டிப்பாக விலகும். கணக்குப்பிள்ளைகளுக்குப் பழகிப்போன தடயம் இது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாள் மடிந்த இடம் சரியாக அந்த 6.00இன் ஓரத்தில் விழுந்திருக்கிறது. அசல் தாளை விரித்துப் பாருங்கள், முன்னால் ஒரு கழித்தல் குறியோ பின்னால் "CR" என்ற எழுத்துகளோ இருக்கும். அது நிறுவனம் உங்களுக்குத் திருப்பித் தந்த பணம்.

ஏன் திருப்பித் தந்தார்கள்? மாதச் சந்தாவை இங்கே முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். அப்பாவின் பில் சுற்று ஒவ்வொரு மாதமும் 22ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 21ஆம் தேதி முடிகிறது. ஏப்ரல் 22 முதல் மே 21 வரையிலான 30 நாட்களுக்குப் பழைய திட்டத்தின் 18 வெள்ளியை ஏப்ரல் பில்லிலேயே கட்டிவிட்டீர்கள். மே 12ஆம் தேதி அந்தத் திட்டம் முடிந்ததால் மீதி 10 நாட்களுக்கான 6 வெள்ளி கழிக்கப்பட்டது. அதே 10 நாட்களுக்குப் புதிய திட்டத்தின் பங்கு 10 வெள்ளி. "Pro-rated" என்று அச்சாகியிருப்பது இதைத்தான். நாள் கணக்குப்படி பிரித்த தொகை என்று பொருள். அதற்குக் கீழே உள்ள 30 வெள்ளி, மே 22 முதல் ஜூன் 21 வரை வரப்போகும் மாதத்துக்கான முன்பணம்.

விளம்பரத்தில் 32.70 என்று பார்த்ததைப் பில்லில் 30.00 என்று பார்ப்பதில் தவறில்லை. விளம்பர விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும். பில்லோ வரிக்கு முந்திய தொகைகளை வரிசையாகப் போட்டுவிட்டு, வரியைக் கடைசியில் மொத்தமாகச் சேர்க்கிறது. ஆக, அந்தப் பத்து நாட்களுக்குத் திட்டம் மாறியதால் கூடியது வரியோடு 4.36 வெள்ளிதான். அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

சண்டைக்கு இடம் இருப்பது 20 வெள்ளியில். படத்தின் இரண்டாம் பக்கத்தில், நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கக்கூடிய சின்ன எழுத்துப் பகுதியில், பழைய திட்டத்துக்கு எதிரே டேட்டா வரம்பு 4 ஜிபி என்று போட்டிருக்கிறது, 6 ஜிபி அல்ல. பணத்தைப் போலவே டேட்டாவையும் நாள் கணக்கில் பிரித்திருக்கிறார்கள். 30 நாட்களுக்கு 6 ஜிபி என்றால், திட்டம் உயிரோடு இருந்த 20 நாட்களுக்கு 4 ஜிபி. அப்பா மே 11 வரை பயன்படுத்தியது 5.2 ஜிபி. தாண்டியது 1.2. கூடுதல் டேட்டாவை முழு ஜிபியாக மேல்நோக்கி வட்டமிட்டதால் அது 2 ஆகி, ஜிபிக்கு 10 வெள்ளி வீதம் 20 வெள்ளி ஆகிவிட்டது.

எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 6 ஜிபியில் 80 விழுக்காடு, அதாவது 4.8 ஜிபி, தீர்ந்தபோது எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்தது. அந்த நிமிடத்தில் அப்பா வரம்புக்குள்தான் இருந்தார். பொறுப்பாக நடந்துகொண்டு நீங்கள் திட்டத்தை மாற்றினீர்கள். மாற்றிய கணமே வரம்பு பின்தேதியிட்டு 4 ஜிபியாகச் சுருங்கி, ஏற்கெனவே செலவழித்த டேட்டா வரம்பைத் தாண்டியதாக ஆகிவிட்டது. புதிய திட்டத்தின் 60 ஜிபி இந்தப் பள்ளத்தை நிரப்பாது. அதுவும் 10 நாட்களுக்கு 20 ஜிபியாகத்தான் வந்தது, அதில் பெரும்பகுதி தொடப்படாமலே கிடந்தது.

எல்லா நிறுவனமும் இப்படிச் செய்வதில்லை. இரண்டு திட்டங்களின் பங்கையும் ஒன்றாகக் கூட்டி ஒரே வரம்பாக வைப்பதும் உண்டு. அப்படி வைத்திருந்தால் அப்பாவுக்கு 24 ஜிபி கிடைத்திருக்கும், கூடுதல் கட்டணமே வந்திருக்காது. வரம்பைத் தாண்டினால் பணம் வாங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் திட்டங்களும் இருக்கின்றன. ஆகவே திட்டம் மாற்றும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், "இன்றைக்கு மாற்றினால் இந்தச் சுற்றில் பழைய திட்டத்துக்கு எத்தனை ஜிபி கணக்கில் வரும்?" என்று கேட்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், மாற்றம் அடுத்த பில் சுற்றின் முதல் நாளில் நடைமுறைக்கு வரும்படி பதிவு செய்யச் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அப்பா எதையும் மாற்றாமல் அதே வேகத்தில் போயிருந்தால், மாத முடிவில் 7.8 ஜிபி ஆகி, இதே 20 வெள்ளி வந்திருக்கும். அந்தப் பத்து நாட்கள் வீட்டு வைஃபையில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் தப்பித்திருக்கலாம்.

இனி ரோமிங். இதை நிறுவனத்தின் பிழை என்று சொல்வதற்கு முன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மாலையில் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவுக்கு நடக்கப் போகிறாரா? எதிர்க்கரையில் தெரிவது ஜொகூர் பாரு. கடற்கரை ஓரத்தில் நம் ஊர் அலைவரிசை கொஞ்சம் தளர்ந்தால், கைப்பேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எல்லை தெரியாது, பலமான சிக்னல்தான் தெரியும். கிராஞ்சி, சுங்கை புலோ பக்கமும் இப்படி நடக்கும். கைப்பேசிக் கடிகாரத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, மலேசியாவிலும் இதே நேரம்தான். பில்லின் விவரப் பக்கத்தில் ரோமிங் வரிக்குப் பக்கத்தில் தேதி, நேரம், வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் மூன்றும் இருக்கும். அந்தப் பக்கம் உங்கள் படங்களில் இல்லை. மலேசிய நிறுவனம், மாலை ஆறரை மணி, சில நிமிட இடைவெளி என்று இருந்தால் பூங்காதான் காரணம். வேறு நாட்டின் நிறுவனமோ நள்ளிரவு நேரமோ என்றால், அதை உடனே எழுத்தில் மறுக்க வேண்டும்.

அது ரோமிங்தான் என்பதற்கு வரியே ஒரு சாட்சி சொல்கிறது. 4.86ஐ 9 விழுக்காட்டால் வகுத்தால் 54 வெள்ளி வருகிறது. 7.40ஐ விட்டுவிட்டு, 10, 30, 20ஐக் கூட்டி 6ஐக் கழித்தால் வருவதும் 54தான். வெளிநாட்டு ரோமிங்குக்கு இங்கே ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம் என்பதால் அந்தத் தொகை வரிக்கணக்கில் சேரவில்லை. ஆகவே நிறுவனத்தின் கணக்கில் இது சரியான பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏன் வந்தது என்பதுதான் கேள்வி.

நிறுத்துவதற்கு இரண்டு பூட்டுகள். கைப்பேசியின் அமைப்புகளில் "Data Roaming" என்பதை அணைத்துவிடுங்கள். எப்போதோ ஜொகூருக்குப் போனபோது திறந்தது அப்படியே இருந்திருக்கலாம். நெட்வொர்க் தேர்வு தானியங்கியாக இருந்தால், அதைக் கைமுறைக்கு மாற்றி உள்ளூர் நிறுவனத்தைத் தேர்ந்துவையுங்கள். அடுத்த முறை வெளிநாடு போகும்போது அதைத் திருப்ப மறந்தால் அங்கே அழைப்பே கிடைக்காது என்பதை அப்பாவிடம் சொல்லிவையுங்கள். இரண்டாவது பூட்டு நிறுவனத்தின் பக்கம்: டேட்டா ரோமிங்கை அவர்களே அடைத்து வைக்கும்படி கேளுங்கள். முதியவர்கள் திரையைத் தவறித் தொட்டாலும் இந்தப் பூட்டு திறக்காது.

வாடிக்கையாளர் சேவையை அழைக்கும்போது "பில் அதிகம்" என்று தொடங்காதீர்கள். தொகையைப் பிரித்துச் சொல்லுங்கள். 37.06 வெள்ளியை ஒப்புக்கொள்கிறீர்கள். புதிய மாதச் சந்தாவும் பத்து நாள் வித்தியாசமும் வரியோடு அவ்வளவுதான். மறுப்பது கூடுதல் டேட்டாவுக்கான 21.80ஐ. திட்டம் மாற்றிய நாளில் வரம்பு சுருங்கும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை என்பதுதான் உங்கள் வாதம். கையெழுத்திட்ட படிவத்தில் அது எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். எழுதியிருந்தால், உரிமையாகக் கேட்பதை விட்டுவிட்டு, இந்த ஒருமுறை தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். ரோமிங்கின் 7.40ஐயும் அதே மூச்சில் கேட்கலாம், அக்கரை சிக்னலை அவர்களும் அறிவார்கள். அழைத்த தேதி, பேசியவரின் பெயர், புகார் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஜைரோ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது என்றால் முழுத் தொகையும் போய்விடும். வெற்றி கிடைத்தால் அடுத்த பில்லில் மீண்டும் அந்தக் கழித்தல் குறியாகத்தான் பணம் திரும்பி வரும்.

அவர்கள் மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சச்சரவுகளுக்கென்றே சிங்கப்பூர் சமரச நிலையம் நடத்தும் ஒரு திட்டமும் 2022 முதல் இருக்கிறது. சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் உண்டு. ஆனால் 21.80 வெள்ளிக்கு அங்கே நேரம் செலவழிப்பது என் கணக்கில் லாபமில்லை. மேலாளர் ஒருவரிடம் இரண்டாவது முறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

ஜூன் 22 பில்லில் 32.70 மட்டும் இருக்க வேண்டும். ரோமிங் வரி மீண்டும் வந்தால் தேதியைப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் பதிவுகள் தாமதமாக வந்து சேர்வதால், பூட்டுவதற்கு முந்திய மே மாத நடை ஒன்று அதில் தலைகாட்டலாம். அப்போது படம் அனுப்புவதாக இருந்தால் தாளை மேசையில் நீவி விரித்து, எல்லாப் பக்கங்களையும் நேராக எடுங்கள். கணக்கு எண்ணையும் வீட்டு முகவரியையும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள், இந்த முறை இரண்டும் எனக்கு நன்றாகவே தெரிந்தன.