மூன்று பொருளில் ஒன்று மட்டும் திரும்பி வந்தால் பில்லை என்ன செய்வது?

*சின்ன ஆன்லைன் கடை நடத்துகிறேன். கூப்பன் போட்டு மூன்று பொருள் வாங்கியவர் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய பில்லையே திருத்திவிடலாமா? பணம் எவ்வளவு திரும்பக் கொடுக்க வேண்டும்?*

பழைய பில்லைத் தொடாதீர்கள். அதன் நகல் வாடிக்கையாளரிடம் இருக்கிறது, உங்கள் வரிக் கணக்கிலும் ஏறியிருக்கலாம். இப்போது திருத்தினால் ஒரே எண்ணில் இரண்டு வேறு தொகைகள் உலவும். திரும்பி வந்த பொருளுக்கு மட்டும் தனியாக ஒரு கிரெடிட் நோட், அதாவது பில் தொகையில் இவ்வளவு குறைகிறது என்று காட்டும் சீட்டு, போடுங்கள். சில மென்பொருள்களில் இதையே ரிட்டர்ன் இன்வாய்ஸ் என்பார்கள். அதற்கென்று ஓர் எண், போடுகிற நாளின் தேதி, எந்தப் பில்லுக்கு எதிராகப் போடுகிறீர்கள் என்ற விவரம், இவை மூன்றும் அதில் இருக்க வேண்டும். வரி விகிதம் மட்டும் விற்ற அன்று இருந்ததுதான். நடுவில் விகிதம் மாறியிருந்தாலும் பழையதையே போட வேண்டும்.

தொகையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பொருள்களின் விலை 1000, 600, 400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2000. கூப்பனில் 200 கழிந்து 1800, அதன் மேல் 10 சதவீத வரி 180 சேர்ந்து, வாடிக்கையாளர் கட்டியது 1980. திரும்பி வந்தது 600 விலைப் பொருள். பட்டியல் விலையைப் பார்த்து 600, வரி 60, ஆக 660 என்று கொடுத்துவிடத் தோன்றும். அப்படியே மற்ற இரண்டும் பின்னால் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள்: 1100, 660, 440, மொத்தம் 2200. வாங்கியதைவிட 220 அதிகமாகக் கொடுத்திருப்பீர்கள்!

ஆகவே கூப்பனை விலை விகிதத்தில் பிரிக்க வேண்டும். 2000-இல் 600 என்பது 30 சதவீதம், அதனால் 200-இல் அதன் பங்கு 60. 600-இல் 60 போக 540, வரி 54, கிரெடிட் நோட் 594. இந்தப் பங்கைத் திரும்பி வரும்போது கணக்கிடுவதைவிட, விற்கும்போதே பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே பதிந்து வைப்பது நல்லது. ஒரே விலையில் மூன்று பொருள், கூப்பன் 100 என்றால் பங்கு 33.33, 33.33, 33.34 என்றுதான் வரும். அந்தக் கடைசிப் பைசா எந்தப் பொருளில் உட்கார்ந்திருக்கிறது என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் பிறகு ரவுண்டிங் வித்தியாசத்தைத் தேடி அலைய வேண்டாம்.

“2000-க்கு வாங்கினால்தான் தள்ளுபடி” என்ற கூப்பனாக இருந்தால், மீதிப் பொருள்கள் அந்த வரம்புக்குக் கீழே போனதற்காகத் தள்ளுபடியைத் திரும்பப் பிடிக்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கும் நேரத்திலேயே அந்த நிபந்தனையைச் சொல்லியிருந்து, சட்டமும் அனுமதித்தால் ஒழிய, வேண்டாம். டெலிவரி கட்டணத்தைத் திருப்புவதும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் கடை விதியையும் பொறுத்தது. திருப்பினால் அதையும் கிரெடிட் நோட்டில் தனி வரிசையில் காட்டுங்கள்.

அப்புறம், கிரெடிட் நோட் போட்டதால் பணம் போய்விடாது. இரண்டும் தனித்தனி வேலை. கிரெடிட் நோட் பதியும்போது விற்பனைத் திரும்பலில் 540, வரியில் 54 பற்று. வாடிக்கையாளர் கணக்கில் 594 வரவு. பணத்தைத் திருப்பும்போது வாடிக்கையாளர் கணக்கில் 594 பற்று, பேமெண்ட் கேட்வே கணக்கில் 594 வரவு. முடிவில் அவர் கணக்கு பூஜ்யமாக வேண்டும். 594 வரவு நின்றால் பணம் இன்னும் போகவில்லை. 594 பற்று நின்றால் பணம் போயிருக்கிறது, கிரெடிட் நோட் போட மறந்திருக்கிறீர்கள், அல்லது பணம் இரண்டு முறை போயிருக்கிறது. கேட்வே தளத்தில் ஒருவர் ரீஃபண்ட் கொடுத்து, கடை மென்பொருளில் இன்னொருவரும் அதே பட்டனை அழுத்துவது நடக்கிற விஷயம்தான்.

பணத்தை முடிந்தவரை பழைய பரிவர்த்தனையைத் திறந்து அதன் மேலேயே ரீஃபண்ட் கொடுங்கள். தனியாக வங்கியில் போட்டுவிட்டால் அந்தப் பரிவர்த்தனை கேட்வேயில் திருப்பப்படாததாகவே நிற்கும். பிறகு அவர் கார்டு வங்கியில் புகார் செய்தால் அதே பணம் மறுபடியும் போகக்கூடும்.

பல கேட்வேக்கள் ரீஃபண்டை அடுத்த செட்டில்மெண்டில் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும், முதலில் பிடித்த கட்டணத்தைத் திருப்பாது. அதனால் வங்கியில் வந்த தொகையையே விற்பனை என்று எழுதாதீர்கள், திரும்பல் கணக்கிலேயே தெரியாமல் போய்விடும். கட்டணம் உங்கள் செலவு. அதைக் கிரெடிட் நோட்டில் கழித்து 594-ஐக் குறைக்கக் கூடாது.

ஸ்டாக்கில் பொருளை ஏற்றுவதைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு செய்யுங்கள். மறுபடி விற்கக்கூடிய நிலையில் இருந்தால், நீங்கள் வாங்கிய விலையில் உள்ளே வரும். உடைந்திருந்தால் நஷ்டக் கணக்குக்குப் போகும்.