சூடு பட்டும் தெரியாத வெளிறிய படை: எதைப் பரிசோதிப்பார்கள், ஏன் தாமதிக்கக்கூடாது?

கேள்வி: எனக்கு 38 வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. இடது முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சுண்டுவிரல் பக்கமாக வெளிறிய ஒரு படை ஒரு வருடமாக இருக்கிறது. சொறிவு இல்லை. பார்மசியில் தந்த கிறீம் பூசியும் போகவில்லை. போன மாதம் தோசைக்கல் பட்டு அதில் கொப்பளம் வந்தது, பட்டதே தெரியவில்லை. இது தொழுநோயா? வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேலையை விடவேண்டுமா?

பதில்: கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கொப்பளம்தான். தோல் வெளிறிப்போக எத்தனையோ காரணங்கள் உண்டு. தேமலிலும் வெளிறும், பிள்ளைகளின் கன்னத்தில் வருகிற வறண்ட படையிலும் வெளிறும், வெண்புள்ளியில் பால்போல வெளுத்தே போகும். ஆனால் இவற்றில் எதிலும் தொடுவுணர்வு போகாது. வெளிறிய படை, அதற்குள் உணர்ச்சிக் குறைவு, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் வேறொன்று என்று நிரூபிக்கப்படும்வரை தொழுநோய் என்றே பார்க்கவேண்டும். அதனால் கிறீமை நிறுத்துங்கள். இந்த வாரமே கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள மத்திய தொழுநோய் கிளினிக்குக்கோ, தோல் நோய் கிளினிக் உள்ள வேறு அரச ஆஸ்பத்திரிக்கோ போய்க் காட்டுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. முதல் பரிசோதனைக்கு ஒரு சிறு பஞ்சுத் திரி போதும். நல்ல தோலில் தொட்டு, கண் திறந்திருக்கும்போதே உங்களுக்குப் பழக்குவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, படையிலும் வெளியிலும் மாறி மாறித் தொடுவார்கள். தொட்ட இடத்தை நீங்கள் விரலால் காட்டவேண்டும். நடுவில் வேண்டுமென்றே தொடாமல் விட்டும் பார்ப்பார்கள், ஊகித்துச் சொல்கிறீர்களா என்று அறிய. வீட்டில் மனைவியைக் கொண்டு செய்து பார்க்கலாம். ஆனால் பஞ்சை இழுக்கக்கூடாது, தொட்டு எடுக்கவேண்டும். இழுத்தால் அசைவு பக்கத்து நல்ல தோலுக்கும் தெரிந்துவிடும். சூடான கரண்டி, ஊசி எதையும் கொண்டு சோதிக்கவேண்டாம். வீட்டில் பஞ்சு தெரிகிறது என்பதற்காகப் போகாமலும் இருக்கவேண்டாம். இந்த நோயில் பெரும்பாலும் சூடு குளிர் அறிகிற உணர்வுதான் முதலில் போகும், மென்தொடுகை அதற்குப் பிறகு. உங்களுக்குச் சூடு தெரியவில்லை என்பது ஏற்கெனவே உறுதி.

அடுத்தது நரம்பு. உங்கள் விஷயத்தில் எனக்கு இதுதான் முக்கியம். முழங்கை எங்காவது இடிபட்டால் சுண்டுவிரல்வரை ‘ஷாக்’ அடிக்குமே, உட்பக்க எலும்புக்குப் பின்னால் உள்ள அந்தப் பள்ளத்தில்தான் அல்நார் நரம்பு ஓடுகிறது. உங்கள் படை அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. வைத்தியர் இரண்டு கைகளிலும் அந்த நரம்பை விரலால் மெல்ல உருட்டி, ஒன்று மற்றதைவிடத் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்போது அவர் கண் உங்கள் முகத்தில் இருக்கும். அழுத்தும்போது முகம் சுளித்தால் நரம்பில் அழற்சி இருக்கிறது என்று பொருள். பிறகு சுண்டுவிரலை வெளியே விரிக்கச் சொல்லி, தன் விரலால் எதிர்த்துத் தள்ளிப் பலம் பார்ப்பார். சமையல்காரரின் உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருக்கும், அங்கே பஞ்சு உதவாது. நைலோன் இழையாலோ பேனா முனையாலோ சோதிப்பார்கள். கழுத்து, மணிக்கட்டு, முழங்காலுக்குப் பக்கவாட்டில், கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நரம்புகளையும் தொட்டுப் பார்ப்பார்கள். உடல் முழுவதும் வேறு படை இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். முதுகையும் பின்பக்கத்தையும் காட்டக் கூச்சப்படாதீர்கள், உங்களுக்கே தெரியாத படைகள் அங்கே இருக்கலாம்.

காதுமடலிலோ படையிலோ சின்னதாகக் கீறி எடுக்கும் பரிசோதனையும் செய்வார்கள், தேவைப்பட்டால் தோல் துண்டு எடுத்தும் அனுப்புவார்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்றிரண்டு படைகள் மட்டும் உள்ளவர்களிடம் கிருமி மிகக் குறைவு, ஆகவே கீறல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். ‘நெகட்டிவ்’ என்ற தாளை வைத்துக்கொண்டு நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. உணர்ச்சியற்ற படை இருந்தால் அதுவே நோயை நிர்ணயிக்கப் போதும்.

சிகிச்சை இலவசம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி ஐந்து படைகள்வரை இருந்து, கிருமியும் காணப்படாமல், நரம்பும் பாதிக்கப்படாமல் இருந்தால் 6 மாதம். ஐந்துக்கு மேற்பட்டாலோ, நரம்பு சம்பந்தப்பட்டாலோ, கிருமி தெரிந்தாலோ 12 மாதம். அதாவது உங்களுக்குப் படை ஒன்றே ஒன்றாக இருந்தாலும், அந்த அல்நார் நரம்பு தடித்திருந்தால் 12 மாதக் கணக்குத்தான். மருந்தில் ரிஃபாம்பிசின் மாதம் ஒரு முறை. அன்று சிறுநீர் சிவந்து போகும், பயப்படவேண்டாம். டாப்சோன் தினமும். கிளோஃபாசிமின் தந்தால் தோல் கொஞ்சம் கறுக்கும், மருந்து முடிந்தபின் மெல்ல மெல்லத் தெளியும். ஆனால் தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலுடன் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, ஏன் இவ்வளவு அவசரம்? கிருமி மிக மெதுவாகப் பெருகுவது, வலியும் இல்லை, இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் என்ன என்று தோன்றும். கிருமியைப் பின்னாலும் கொன்றுவிடலாம், அதில் சிக்கல் இல்லை. செத்துப்போன நரம்பைத்தான் திருப்பிக் கொண்டுவர முடியாது. கிருமி நரம்பைச் சுற்றியுள்ள உயிரணுக்களில் குடியிருக்கிறது. அதை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டையில் நரம்பு வீங்கி நசுங்குகிறது. அல்நார் போனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நிற்கும், அந்தப் பக்கம் மரத்துப் போகும். விரல் குறுகுவது அதற்கும் பின்னால்தான்: தெரியாமல் சுடுபட்டு, வெட்டுப்பட்டு, புண் ஆறாமல் எலும்புவரை போய்த்தான் குறுகுகிறது. உணர்ச்சியோ பலமோ குறைந்து ஆறு மாதத்துக்குள், நரம்பின் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசலோன் மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் ஓரளவாவது மீளும். அதற்கு மேல் போனால் நம்பிக்கை வெகுவாகக் குறைகிறது. படை வந்து ஒரு வருடம் ஆகிவிட்டாலும், கை நரம்பு பாதிக்கப்பட்டதா, பாதிக்கப்பட்டிருந்தால் எப்போதிருந்து என்பது இன்னும் தெரியாது. அதனால்தான் சுண்டுவிரலில் மரப்போ, சட்டை பொத்தான் போடுவதில் தடுமாற்றமோ எப்போது தொடங்கியது என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. சிகிச்சையின் நடுவிலும், முடிந்த பிறகும்கூட, படை திடீரென்று சிவந்து வீங்கலாம், முழங்கை நரம்பு வலிக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் உடம்பின் எதிர்வினை. நரம்பு மிக வேகமாகக் கெடும் நேரமும் அதுதான். மாத்திரைகளை விடாமல், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் போங்கள்.

வேலையை விடவேண்டியதில்லை. சாப்பாட்டின் வழியாக இது பரவுவதில்லை. நோயுள்ளவரோடு நீண்டகாலம் நெருங்கிப் பழகுவோருக்குத்தான், பெரும்பாலும் மூக்கு வழியாகப் பரவுகிறது. மருந்து தொடங்கினால் பரவும் தன்மை விரைவில் போய்விடும். கையை மட்டும் காத்துக்கொள்ளுங்கள்: முழங்கைவரை மூடும் தடித்த துணி உறை, வேலை முடிந்ததும் இரண்டு கையையும் வெளிச்சத்தில் ஒரு பார்வை. மனைவியையும் பிள்ளைகளையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் உடம்பு முழுவதையும் காட்டுங்கள். இப்போது படை இல்லையென்றாலும் நோய் தலைகாட்டப் பல வருடங்கள் எடுக்கும், ஆகவே எத்தனை மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் காட்டவேண்டும், வருமுன் காக்க ஒரு வேளை ரிஃபாம்பிசின் அவர்களுக்குத் தரலாமா என்று அங்கேயே கேளுங்கள்.