அவுன்ஸ் விலையும் கடைப் பலகை விலையும்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: சென்னையில் நகைக்கடைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் உள்ள விலைகள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை.)

உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் 2,400 டாலர், டாலருக்கு 84 ரூபாய். ஒரு அவுன்ஸுக்கு 28.35 கிராம் என்று வகுத்தால் கிராம் 7,111 ரூபாய் வருகிறது. கடைப் பலகையில் 6,450தான். கடைக்காரர் நஷ்டத்துக்கா விற்கிறார்?

டாலரை ரூபாயாக்கியது சரி, வகுத்த எண்தான் தவறு. மளிகைச் சாமானுக்குத்தான் 28.35 கிராம். தங்கத்தை ட்ராய் அவுன்ஸில் நிறுப்பார்கள், அது 31.1035 கிராம். அதால் வகுத்தால் 6,482 ரூபாய். 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்களே, அந்த இறக்குமதி வரியைச் சேர்த்தால் 6,870. இது சுத்தத் தங்கத்தின் விலை. பலகையில் பெரிதாக எழுதியிருப்பதோ 22 காரட்டுக்கு. நகையின் கொக்கியருகே 916 என்று பொடி எழுத்தில் முத்திரை இருக்கும். ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம் என்று பொருள். 6,870ஐ 0.916ஆல் பெருக்கினால் சுமார் 6,293. ஆகவே கடைக்காரருக்கு நஷ்டமில்லை, பலகை விலைதான் 157 ரூபாய் கூடுதல்.

அந்த 157 ரூபாய் ஜிஎஸ்டிதானே?

இல்லை. ஜிஎஸ்டி 3 சதவீதத்தைப் பில்லில் தனியாகப் போடுகிறார்கள். இந்த இடைவெளியில் வங்கியோ மொத்த வியாபாரியோ வைக்கும் கூடுதல் தொகை, கொண்டுவரும் செலவு, விலை ஏறிவிட்டால் சமாளிக்க வைக்கும் இடம் எல்லாம் கலந்திருக்கின்றன. எதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது; எந்தக் கடையும் அதை எழுதிக் காட்டுவதில்லை.

போன மாதம் மகளுக்கு ஒரு சவரன் சங்கிலி வாங்கினேன். கிராம் 6,450 என்றார்கள், பில் 58,463 ரூபாய். உலக விலை ஏறிவிட்டதா?

அம்மா, உலக விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எட்டு கிராமுக்கு 51,600. சேதாரம் 10 சதவீதம் போட்டிருப்பார்கள், 5,160. இரண்டும் சேர்ந்த 56,760க்கு ஜிஎஸ்டி 1,703. கூட்டிப் பாருங்கள், உங்கள் பில் வந்துவிடும். அதாவது, நீங்கள் உண்மையில் கொடுத்தது கிராமுக்கு 7,308 ரூபாய். எனக்கு மனம் கொதிப்பது இங்கேதான்: பலகை விலையில் பத்து ரூபாய் குறைவு என்று ஊரெல்லாம் அலைகிறோம், சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். அதே எடையில் வேறு சங்கிலிக்குச் சேதாரம் 6 சதவீதமாக இருந்திருந்தால் வரியோடு 2,126 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

இரவு அவுன்ஸ் விலை இறங்கியது, காலையில் இங்கே ஏறியிருந்தது. ஏமாற்றுகிறார்களா?

முதலில் ரூபாயைப் பாருங்கள். அவுன்ஸ் அரை சதவீதம் இறங்கி, டாலர் 84லிருந்து 85 ஆகியிருந்தால் நம் விலை ஏறத்தான் செய்யும். ரூபாய் அசையாமல் இருந்தும் ஏறியிருந்தால், நீங்கள் முதலில் பார்த்த அவுன்ஸ் விலை எந்த நேரத்தது என்று பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. வேறு இரண்டு கடைகளில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.