மங்கலாக்கும்போது படம் ஒரு பக்கமாக இழுபடுவது ஏன்?

“சாம்பல் நிறமாக மாற்றும் பகுதி சரியாக வருகிறது. மங்கலாக்கினால் மட்டும் படம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுபட்டதுபோல் தெரிகிறது. ஏன்?”

நீங்கள் படிக்கும் அணியிலேயே விடையையும் எழுதுகிறீர்கள் என்பதே காரணமாக இருக்க வேண்டும். சாம்பல் நிற மாற்றத்தில் ஒவ்வொரு பிக்சலும் தன் மூன்று நிற மதிப்புகளை மட்டுமே பார்ப்பதால் அங்கே இது பாதிப்பதில்லை. மங்கலாக்கும்போதோ ஒவ்வொரு பிக்சலுக்கும் அண்டைப் பிக்சல்களின் பழைய மதிப்பு தேவைப்படுகிறது.

0, 0, 90, 0, 0 என்ற ஒரே வரிசையில், மூன்று மூன்றாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். நடு மூன்று இடங்களில் 30, 30, 30 வர வேண்டும். அதே அணியில் எழுதினால் முதலில் வந்த 30 அடுத்த கணக்கில் கலந்து 40 ஆகிறது. அந்த 40 அதற்கடுத்ததில் கலந்து 13 ஆகிறது. லூப் செல்லும் திசையிலேயே பிழையும் நகர்வதால்தான் படம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுபடுகிறது.

ஆகவே லூப்பிற்கு முன்பே முழுப் படத்தையும் `copy` என்ற அணியில் நகலெடுத்து, அதிலிருந்து மட்டும் படியுங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் `sum`, `n` இரண்டையும் 0 ஆக்கிவிட்டு, `dy`, `dx` இரண்டையும் -1 முதல் 1 வரை ஓட்டுங்கள்:

```c
int r = y + dy, c = x + dx;
if (r >= 0 && r < h && c >= 0 && c < w) {
    sum += copy[r][c];
    n++;
}
```

உள் லூப்கள் இரண்டும் முடிந்த பிறகு:

```c
img[y][x] = round((float) sum / n);
```

எப்போதும் 9 ஆல் வகுக்காதீர்கள். மூலையில் 4 பிக்சல்களும் விளிம்பில் 6 பிக்சல்களும்தான் கிடைக்கும் என்பதால், 9 ஆல் வகுத்தால் படத்தைச் சுற்றி இருண்ட கோடு ஒன்று தெரியும்.