லேப்டாப்பில் மட்டும் யூடியூப் ஓடுகிறது: புது ஃபயர்வால் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினைந்து கம்ப்யூட்டர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு லினக்ஸ் பெட்டியில் ஸ்க்விட் ப்ராக்ஸி போட்டு யூடியூபைத் தடுத்து வைத்தோம். டெஸ்க்டாப்களில் இன்றும் தடை வேலை செய்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும் லேப்டாப்களில் மட்டும், குரோமில் யூடியூப் தாராளமாக ஓடுகிறது. "இது குவிக் பிரச்சினை, புது ஃபயர்வாலும் வருடச் சந்தாவும் வாங்குங்கள்" என்கிறார் பெட்டி விற்றவர். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: குவிக் என்பது பிரவுசரும் தளங்களும் பேசிக்கொள்ளும் ஒரு புது வழி; அதுதான் காரணம் என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். இருக்கும் பெட்டியில் இரண்டு வரி சேர்த்தால் தீருகிற விஷயம் இது.

உங்கள் பெட்டி எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பிரவுசரில் ப்ராக்ஸி முகவரி எதுவும் போடாமலே தடை வேலை செய்கிறதென்றால், அது வழியில் மறித்துப் பிடிக்கும் வகை. அதாவது டிசிபி 80, 443 ஆகிய போர்ட்டுகளுக்குப் போகும் டிராஃபிக்கை மட்டும் ஸ்க்விட் பக்கம் திருப்பி விட்டிருப்பார்கள். எச்டிடிபிஎஸ் தளமென்றால் உள்ளே போகும் விஷயம் தெரியாது. ஆனால் இணைப்பின் முதல் செய்தியில் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் பொதுவாகத் திறந்தே இருக்கும். அந்தப் பெயரை ஸ்க்விட் படிக்கிறது, யூடியூப் என்றால் துண்டிக்கிறது.

குவிக் போவது டிசிபியில் அல்ல, யூடிபி என்ற இன்னொரு அனுப்பும் முறையில், அதன் 443 போர்ட் வழியாக. கூகுள் 2012 வாக்கில் உருவாக்கத் தொடங்கி, 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்று பொதுத் தரமான நெறிமுறை இது. எச்டிடிபி/3 இதன் மேல்தான் ஓடுகிறது. போர்ட் எண் அதே 443 என்றாலும் டிசிபிக்கு எழுதிய விதி யூடிபி பாக்கெட்டைத் தொடாது. "உள்ளிருந்து வெளியே போவது எல்லாவற்றையும் விடு" என்பதுதான் பெரும்பாலான சிறு அலுவலக ஃபயர்வால்களின் வழக்கமான அமைப்பு, ஆகவே அது நேராக வெளியே போய்விடுகிறது. ஸ்க்விட்டின் லாகில்கூட ஒரு வரி விழாது. யாரும் தந்திரம் செய்து தாண்டவில்லை. பெட்டியின் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான்.

சரி, லேப்டாப்பில் மட்டும் ஏன்? பிரவுசர் பொதுவாக முதலில் டிசிபியில்தான் போகும். அப்போது சர்வர் தன் பதிலோடு இப்படி ஒரு வரி அனுப்பும்:

```
alt-svc: h3=":443"; ma=2592000
```

"எனக்கு குவிக்கும் தெரியும், இதை 2592000 விநாடிகளுக்கு ஞாபகம் வைத்துக்கொள்" என்று அர்த்தம். கணக்குப் போட்டால் சரியாக 30 நாள். உங்கள் டெஸ்க்டாப்பின் டிசிபி இணைப்பை ஸ்க்விட் தொடக்கத்திலேயே துண்டித்துவிடுகிறது, அதனால் அது இந்த வரியைப் பார்த்ததே இல்லை. லேப்டாப் இதை வீட்டு வைஃபையில் வாங்கிக்கொண்டு, மறுநாள் அலுவலகத்தில் நேரே யூடிபியில் கிளம்புகிறது. அதற்காக டெஸ்க்டாப் என்றைக்கும் இப்படித் தாண்டிப் போகாது என்று இருந்துவிட வேண்டாம். இதே தகவலை டிஎன்எஸ் பதிவிலேயே சொல்லிவிடும் தளங்கள் இருக்கின்றன. அங்கே முதல் டிசிபி இணைப்பே தேவைப்படாது.

எதையும் மாற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். லேப்டாப் குரோமில் யூடியூபைத் திறந்து, F12 அழுத்தி, Network பகுதிக்குப் போங்கள். பட்டியலின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து Protocol என்பதைச் சேர்த்தபின் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். அந்த நெடுவரிசையில் h3 என்று வந்தால் குவிக், h2 என்றால் பழைய டிசிபி வழி. அப்புறம் chrome://flags பக்கத்தில் Experimental QUIC protocol என்பதை Disabled ஆக்கி குரோமை மறுபடி தொடங்குங்கள். இப்போது யூடியூப் தடைபட்டால் காரணம் இதுதான். தடைபடவில்லை என்றால் வேறு ஏதோ, பெரும்பாலும் அந்த லேப்டாப்பில் ஒரு விபிஎன் எக்ஸ்டென்ஷன்.

உறுதியானதும் லினக்ஸ் பெட்டியில்:

```
iptables -I FORWARD -p udp --dport 443 -j REJECT
ip6tables -I FORWARD -p udp --dport 443 -j REJECT
```

இரண்டாவது வரியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்தால், முதல் வரியை மட்டும் போட்டுவிட்டு "தடுத்தும் ஓடுகிறதே" என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். DROP போடாமல் REJECT போடுவதற்கும் காரணம் உண்டு. DROP என்றால் பாக்கெட் சத்தமில்லாமல் மறையும், பிரவுசர் பதிலுக்குக் காத்திருந்து பார்க்கும், பக்கங்கள் சில நேரம் இழுக்கும். REJECT என்றால் "இந்த வழி இல்லை" என்று உடனே பதில் போகும், பிரவுசரும் உடனே டிசிபிக்குத் திரும்பிவிடும். பெட்டியை ரீஸ்டார்ட் செய்தால் இந்த விதிகள் காணாமல் போகும். நிரந்தரமாகச் சேமித்துத் தரும்படி விற்றவரிடம் கேளுங்கள். அது அவர் செய்ய வேண்டிய வேலைதான்.

அலுவலகங்கள் குவிக்கை அடைக்கும் காரணமும் இதில் அடங்கிவிடுகிறது. குவிக் ஆபத்தானது என்று அல்ல. தள வடிகட்டல், லாக், டவுன்லோட் ஆகும் ஃபைலை வைரஸுக்குப் பரிசோதிப்பது என்று அவர்கள் காசு கொடுத்து வாங்கிய எல்லாமே டிசிபியை நம்பி இருக்கிறது. குவிக்கை அடைத்தால் தளங்கள் எப்படியும் டிசிபியில் திறக்கும் என்பதால், ஃபயர்வால் தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் கையேடுகளிலேயே இதைப் பரிந்துரைத்தார்கள். வேகம் குறையுமா என்றால், கேபிளில் ஓடும் அலுவலகத்தில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆனால் சில விபிஎன்களும் யூடிபி 443ஐப் பயன்படுத்துகின்றன. உதாரணத்துக்கு, சிஸ்கோ எனிகனெக்ட் இதை இழந்தால் டிசிபிக்கு மாறி மந்தமாகும். கிளையண்ட் நிறுவனத்துக்குள் அப்படி யாராவது நுழைகிறார்கள் என்றால், அந்தச் சர்வர் முகவரிக்கு மட்டும் முன்னால் ஒரு விலக்கு விதி போடுங்கள்.

பின்னால் வேறு காரணத்துக்காகப் புதுப் பெட்டி வாங்க நேர்ந்தால், "குவிக் சப்போர்ட் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் இருக்கிறது என்பார்கள். சிலருக்கு அதன் அர்த்தம், குவிக்கை அடையாளம் கண்டு அடைக்கும் என்பது மட்டும்தான். அதை இரண்டு வரியில் நாமே செய்துவிட்டோமே. குவிக்கின் முதல் பாக்கெட்டும் குறியாக்கத்தோடுதான் போகிறது, ஆனால் அதைத் திறக்கும் சாவியை எப்படிக் கணக்கிடுவது என்பது தரத்திலேயே அச்சிட்டிருக்கிறது. புதிய பெட்டிகளால் தளப் பெயரைப் படிக்க முடிவது அதனால்தான். சிக்கல் என்னவென்றால், குவாண்டம் கம்ப்யூட்டர்களையும் தாங்கும் குறியாக்கத்துக்காக பிரவுசர்கள் அனுப்பும் முதல் செய்தி இப்போது பெருத்துவிட்டது, ஒரே பாக்கெட்டில் அடங்குவதில்லை. முதல் பாக்கெட்டை மட்டும் பார்க்கும் பெட்டி பெயரைக் கோட்டைவிடும். எனவே "முதல் செய்தி இரண்டு பாக்கெட்டாக உடைந்து வந்தாலும் பெயரைப் படிக்குமா?" என்று கேளுங்கள். ஒரு வாரம் டெமோ வாங்கி, குவிக்கை அடைக்காமல், வீட்டுக்குப் போய் வந்த அதே லேப்டாப்பை புதுப்பித்த குரோமோடு வைத்து யூடியூபைத் திறந்து பாருங்கள். அப்போதும் ஓடினால், அந்தச் சந்தாவுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.