மூன்றாம் முறை வீங்கிய இமை: பசையை மாற்றினால் போதுமா?

கேள்வி: ஐலேஷ் எக்ஸ்டென்ஷன் இரண்டு முறை போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் முறை, மறுநாள் காலையில் இரண்டு இமைகளும் வீங்கி, கடுமையாக அரித்தன. 'சென்சிட்டிவ்' பசையில் மறுபடி போடலாம் என்கிறார்கள். போடலாமா? இல்லையென்றால் இமைமுடி வளர சீரம் தடவலாமா? (வயது 27)

பதில்: வேண்டாம். இது பசைக்கு வந்த ஒவ்வாமையாகவே தெரிகிறது. பசையின் ஆவி பட்டு வரும் எரிச்சல் என்றால் போடும்போதே கண் எரிந்து நீர் வடியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்தும் தலைகாட்டும். இரண்டு இமையும் வீங்கும், எரிச்சலைவிட அரிப்பு மிஞ்சும். முதல் இரண்டு முறை உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொண்டது. மூன்றாம் முறை எதிர்த்தது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் கடுமையாக வரக்கூடும்.

எக்ஸ்டென்ஷன் பசைகள் ஏறக்குறைய எல்லாமே சயனோஅக்ரிலேட்தான். 'சென்சிட்டிவ்' என்று விற்பதிலும் பெரும்பாலும் அதே குடும்பப் பொருள்தான் இருக்கிறது. ஆவி மட்டும் குறைவு. எரிச்சல் வருபவருக்கு அது உதவலாம், உங்களுக்கு உதவாது.

இப்போது ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள். சொந்த முடியும் வேரோடு வந்துவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை வையுங்கள். கண் மருத்துவரைப் பார்த்து, வீக்கம் தணிந்தபின் கண்ணை மூடியபடி ரிமூவர் ஜெல் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு போடுவது ஆபத்து: கிருமித் தொற்று இருந்தால் அது முற்றும், கண் அழுத்தமும் ஏறலாம். ஒரு கண்ணில் மட்டும் வலி, சீழ், வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் என்றால் அது கருவிழித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

சீரம் வாங்குமுன் அட்டையைப் படியுங்கள். பைமேட்டோப்ராஸ்ட், ஐசோப்ரோப்பைல் குளோப்ராஸ்டினேட் போன்ற பெயர் இருந்தால், அது கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தின் இனம். 0.03 சதவீத பைமேட்டோப்ராஸ்டை இரவில் ஒரு முறை, மேலிமையின் முடி ஓரத்தில் மட்டும் தடவினால் முடி உண்மையிலேயே நீளும். முழுப் பலன் தெரிய 16 வாரம் ஆகும். நிறுத்தினால் முடி பழைய நீளத்துக்கே திரும்பும். இமைத் தோல் கறுப்பது நிறுத்தியபின் பெரும்பாலும் மாறும். கண்மணியைச் சுற்றிய நிறவளையம் பழுப்பேறினால் மாறாது. கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து கண் குழி விழுவதும் உண்டு. இமை முழுதாக ஆறும்வரை எதையும் தடவாதீர்கள். கர்ப்பத்திலும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் தவிர்ப்பதே நல்லது.

விசேஷ நாளுக்கு இமைச் சுருட்டியும் மஸ்காராவும் போதும். இரவே கழுவிவிடுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் ஒரே குப்பி வேண்டாம். யாரோடும் பகிராதீர்கள்.

ஒட்டும் செயற்கை நகத்தின் பசையும், அறுவை சிகிச்சையில் காயத்தை மூடும் தோல் பசையும் இதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான். எதிர்காலத்தில் அறுவை சிகிச்சை நேர்ந்தால் இந்த ஒவ்வாமையை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.